நன்றிக் கடிதத்தில் "எல்லாம் முடிந்தது" என்று எழுதி, அனுப்பும் முன் திருத்திய கதை

செவ்வாய்ப்பேட்டை, குழுத் தலைவர்

போன மாதம் எங்கள் வேலை ஒன்று முடிந்தது. சேலத்தில் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடை, பட்டறைகளுக்கு வெள்ளி கொடுத்து கொலுசாகத் திருப்பி வாங்கும். அந்தக் கணக்கை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்றிக் கொடுத்தோம். ஐந்து மாத வேலை, நாங்கள் ஆறு பேர்.

கடைசி நாள் ராத்திரி குழுவுக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். "62 பட்டறைகளின் பழைய பாக்கியும் ஏற்றியாயிற்று, தராசுகள் இணைக்கப்பட்டுவிட்டன, அனைவரின் கடின உழைப்புக்கும் நன்றி" என்று இருந்தது. அனுப்பும் முன் சோதனை பார்த்த தங்கைக்கு மட்டும் காட்டினேன். அவர் உடனே போன் செய்தார். "அண்ணா, 57 பட்டறைதான் ஒத்துப்போச்சு. மீதி அஞ்சு பேர் பாக்கியை ஒத்துக்கிட்டு இன்னும் கையெழுத்துப் போடலையே?"

அந்த ஐந்தும் டச் பிரச்சினை. கொலுசு ஒரு கிலோ, 70 டச் என்றால் அதில் சுத்த வெள்ளி 700 கிராம். பழைய நோட்டில் சில வரிகளில் எடை இருக்கிறது, டச் எழுதவில்லை. 70 என்று வைத்தால் பட்டறைக்குச் சாதகம், 65 என்று வைத்தால் கடைக்குச் சாதகம். கிலோவுக்கு 50 கிராம் வெள்ளி இப்படியும் அப்படியும் ஆடும்.

என் கடிதத்தைக் குழுவில் யாராவது முதலாளிக்கு அனுப்பியிருந்தால், அவர் அதை நம்பி அன்றே நோட்டுகளை மூட்டை கட்டியிருப்பார். அந்த ஐந்து பட்டறைக்காரர்களுக்கும் ஆதாரம் என்று இருப்பது அந்த நோட்டுகள்தான். நல்லது நினைத்து எழுதிய ஒரு வரி அவர்கள் வயிற்றில் அடித்திருக்கும். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மாற்றி எழுதினேன். பெயர்களை எடுத்துவிட்டு இங்கே தருகிறேன்:

"14 நோட்டையும் டைப் செய்து, ஒவ்வொரு பக்கக் கூட்டலையும் இரண்டு முறை சரிபார்த்த அக்காவுக்கு நன்றி. நீங்கள் பென்சிலில் குறித்த இடங்களை வைத்துத்தான் டச் விடுபட்ட வரிகளைக் கண்டுபிடித்தோம். 57 பட்டறைகளின் பாக்கி ஒத்துக் கையெழுத்தாகிவிட்டது. 5 பாக்கி நிற்கிறது, அதுவரை நோட்டுகள் கடையிலேயே இருக்கும்.

முதல் இரண்டு கவுண்டரிலும் தராசு எடை நேராகக் கணினிக்கு வருகிறது. அதைச் செய்த தம்பிக்கு நன்றி. மூன்றாவது தராசு பழையது, கேபிள் செருக வழியில்லை. அங்கே எடையைக் கையால் அடிக்க வேண்டும்.

பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, பில் வருகிறதா என்று யாரும் கேட்காமலேயே பார்த்த தங்கைக்கு நன்றி. முதல் முறை திறக்கவில்லை. அதனால்தான் இன்று திறக்கிறது."

இதே மாதிரி எழுதியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பாதியில் வேறு வேலைக்குப் போன ஒருவர் பெயரைச் சேர்ப்பதா என்று எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது.

அஸ்தம்பட்டி, மனிதவளப் பிரிவு

நன்றிக் கடிதத்தில் முடியாத வேலையை எழுதக் கூடாது சார். ஐந்து மாதம் உழைத்தவருக்கு அந்த "5 பாக்கி"தான் கண்ணில் படும். அதற்கென்று ஒப்படைப்புக் குறிப்பு தனியாக இருக்கிறது. பாராட்டில் பாராட்டு மட்டும் இருக்கட்டும்.

சூரமங்கலம், இருபது வருட மென்பொருள் அனுபவம்

மேலே சொன்னது பாதி சரி. பாக்கி வேலைகளின் முழுப் பட்டியல் ஒப்படைப்புக் குறிப்பில்தான் இருக்க வேண்டும். ஆனால் நன்றியில் ஒரு எண் சொன்னால் அது உண்மையான எண்ணாக இருக்க வேண்டும். "57 முடிந்தது" என்றால் போதும், 62 என்று எழுதாமல் இருந்தால் சரி. நோட்டு கடையிலேயே இருக்கும் என்பதை நானும் சேர்த்திருப்பேன், அதில் அடுத்தவர் வெள்ளி இருக்கிறது.

எனக்கு வேறொரு இடத்தில் அடி விழுந்தது. யார் என்ன செய்தார்கள் என்பதை நினைவிலிருந்து எழுதாமல், இந்தக் கட்டளையைப் போட்டு எடுத்தேன்:

```
git shortlog -sn
```

ஒவ்வொருவர் பெயரிலும் எத்தனை கமிட் என்று வரும். அந்த வரிசைப்படி நன்றி எழுதினேன். இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியதெல்லாம் ஒருவர் பெயரில் இருந்தது. சோதனை பார்த்த பெண் பெயர் பட்டியலிலேயே இல்லை. அவர் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து போய்விட்டார், அதை நான் மறக்கவில்லை. சேர்ந்து எழுதியவர்கள் கமிட் குறிப்பில் `Co-authored-by` வரி போட்டிருந்தால் அவர்களையும் சேர்த்து எண்ணலாம்:

```
git shortlog -sn --group=author --group=trailer:co-authored-by
```

அப்போதும் டைப் செய்தவரும் சோதித்தவரும் இதில் வர மாட்டார்கள். அதனால் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் யார் எதை முடித்தார்கள் என்று இரண்டு வரி எழுதி வைக்கிறேன். கடைசியில் அவரவர் வரியை அவரவருக்கே அனுப்பி "இது சரியா?" என்று கேட்பேன். பாதிப் பேராவது எதையாவது திருத்துவார்கள்.

ஏற்காடு, காபித் தோட்ட மேற்பார்வையாளர்

நீங்கள் போனஸ் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நினைத்துத்தான் படித்தேன். எங்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு வருடம் பழம் பறிப்பு முடிந்ததும் யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்று பலகையில் எழுதி நன்றி சொன்னேன். சமதளத்தில் பறித்தவர்கள் மேலே வந்தார்கள். சரிவில் நின்று பறித்த அம்மாக்கள் கீழே போனார்கள். அந்தச் சரிவில் ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொண்டுதான் பறிக்க முடியும். அதிலும் அவர்கள் கூடையில் பச்சைக் காய் மிகக் குறைவு, பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிப்பார்கள். அடுத்த வருடம் கிலோவை விட்டுவிட்டு, எந்தப் பாத்தியை யார் முடித்தார்கள் என்று எழுதினேன். அதற்கும் ஒருவருக்கு வருத்தம் இருந்தது.

ஓமலூர், சோதனைப் பிரிவில் இருக்கிறேன்

மனிதவள அக்கா சொன்னதற்குப் பதில். எனக்கு வந்த நன்றிக் கடிதங்களில் நான் வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். "சேதாரம் பூஜ்யம் என்று அடித்தால் பில் நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தீர்கள், மூன்று முறை திருப்பி அனுப்பினீர்கள், நான்காவதில் சரியானது" என்று இருந்தது. அதைச் சம்பள உயர்வுப் பேச்சில் எடுத்துக் காட்டினேன். "கடின உழைப்புக்கு நன்றி" என்பதை எப்படிக் காட்டுவது?

இன்னொன்று. ஒரு கடிதத்தில் என் அப்பாவின் ஆஸ்பத்திரி செலவையும் தாங்கிக்கொண்டு வேலை செய்தேன் என்று எழுதிவிட்டார்கள். பாராட்டத்தான் எழுதினார்கள். ஆனால் ஆபீஸில் அது யாருக்கும் தெரியாமல் இருந்தது.

செவ்வாய்ப்பேட்டை, குழுத் தலைவர்

எல்லோருக்கும் நன்றி. ஐந்தில் இரண்டு பட்டறை நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டது. மற்ற மூவரும் ஆடி முடியட்டும் என்கிறார்கள்.

சூரமங்கலம் சார் சொன்னபடி, பாதியில் போனவருக்கு அவர் வரியை அனுப்பிப் பார்த்தேன். "டச் கணக்குப் பக்கத்தை எழுதியவர்" என்று போட்டிருந்தேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "எழுதியவர் வேண்டாம் அண்ணா, தொடங்கியவர்னு போடுங்க. ரவுண்டிங் தப்பைச் சரி பண்ணினது தராசு பார்த்த தம்பிதான்." எனக்கு அது தெரியாது. இரண்டு பேர் வரியையும் மாற்றி, கடிதத்தை மறுபடி அனுப்பினேன்.