தீபாவளி போஸ்டர்: கிளிப்பிங் மாஸ்க்கா, லேயர் மாஸ்க்கா?

குழு: நம்ம பிளாக் தீபாவளி வேலை

கவின்: செல்வி அக்கா, லிஃப்ட் லாபி போர்டுக்கு ஏ3 போஸ்டர் போடுறேன். "தீபாவளி வாழ்த்துக்கள்" எழுத்துக்குள்ள தேக்கா விளக்கு அலங்காரப் படம் தெரியணும். படத்தை கிளிப்பிங் மாஸ்க் பண்ணிட்டேன், ஆனா போஸ்டர் முழுக்கப் படமாத்தான் இருக்கு. எழுத்தையே காணோம் 😭

ரவி: எழுத்து மேல, படம் கீழ இருக்கணும் தம்பி. ரெண்டையும் செலக்ட் பண்ணி Ctrl+7. அவ்வளவுதான்.

செல்வி: அது இல்லஸ்ட்ரேட்டர் கணக்கு ரவி அண்ணே. அங்க மேல இருக்கற வடிவம் கீழ உள்ளதை வெட்டும். ஃபோட்டோஷாப்ல நேர் எதிர், வடிவம் கீழ, படம் மேல. கவின், லேயர் பேனல்ல மேலேர்ந்து கீழ வரிசையா என்ன இருக்குன்னு சொல்லு.

கவின்: ஃபோட்டோஷாப்தான் க்கா. தேக்கா படம், மெரூன் கலர், எழுத்து, அப்புறம் Background.

செல்வி: படத்துக்குப் பக்கத்துல கீழ் நோக்கி ஒரு குட்டி அம்பு இருக்கும். கிளிப் ஆயிடுச்சுன்னு அதுதான் சொல்லுது. இப்போ எந்த லேயர் பேருக்கு அடிக்கோடு விழுந்திருக்கு பாரு.

கவின்: மெரூன் 🤦

செல்வி: அதான் விஷயம். கிளிப் ஆகறது சரியா அடுத்த கீழ் லேயரோட மட்டும்தான். அந்த லேயர்ல எங்க நிறம் இருக்கோ அங்க படம் தெரியும், எங்க காலியா இருக்கோ அங்க மறையும். உன் மெரூன்ல காலி இடமே கிடையாது, அதனால எதுவும் மறையல. எழுத்து அதுக்கும் அடியில மூடிக் கிடக்கு.

கவின்: அப்போ எழுத்தை இழுத்து நடுவுல விட்டுடவா?

செல்வி: அப்படியே இழுக்காத. கிளிப் ஆன படத்துக்கும் மெரூனுக்கும் நடுவுல விட்டா எழுத்தும் சேர்ந்து மெரூனோட கிளிப் ஆயிடும். முதல்ல படத்தை செலக்ட் பண்ணி Ctrl+Alt+G, கிளிப் விட்டுடும். எழுத்தை மெரூனுக்கு மேல கொண்டு வா. திரும்பப் படத்துல Ctrl+Alt+G.

கவின்: வந்துடுச்சு!! அடிக்கோடு இப்போ எழுத்துக்குக் கீழ.

ரவி: இதுக்கு லேயர் மாஸ்க்கே போதுமே. Ctrl அமுக்கிக்கிட்டு எழுத்து லேயரோட T சிறுபடத்தை கிளிக் பண்ணினா எழுத்து வடிவம் செலக்ட் ஆகும். படத்துல நின்னுக்கிட்டு மாஸ்க் பட்டனை அமுக்கினா அதே ரிசல்ட்.

செல்வி: பார்க்க அதேதான், தப்பில்ல. ஆனா அந்த மாஸ்க் அந்த நிமிஷத்து வடிவத்தைப் பிடிச்சு வெச்ச கறுப்பு வெள்ளைப் படம். அதுக்கப்புறம் எழுத்தை மாத்தினா அதுக்குத் தெரியாது. கவின், வாழ்த்துக்கள்ல ஒரு க் கூட இருக்கு, எடுத்துடு. இல்லன்னா போர்டுக்குக் கீழ நின்னு நாலு பேர் வகுப்பெடுப்பாங்க 😄

கவின்: எடுத்துட்டேன். படம் தானாவே புது எழுத்துக்குள்ள உட்கார்ந்துடுச்சு, ஒண்ணும் செய்யல நான்.

செல்வி: கிளிப்பிங்ல வடிவம் இன்னொரு லேயர்கிட்ட இருக்கு, அது மாறினா உடனே இதுவும் மாறும். ஃபான்ட், சைஸ் எது வேணா மாத்து. அண்ணன் சொன்ன வழியில செஞ்சிருந்தா பழைய க் அப்படியே நிக்கும், மறுபடி செலக்ட் பண்ணி புது மாஸ்க் போடணும்.

மாலா: கவின் எனக்கும் சொல்லுப்பா. பேத்தி பிறந்தநாள் கார்டு, போன்ல கான்வால செய்யறேன். முகம் மட்டும் வட்டத்துக்குள்ள வரணும். இந்த Ctrl எங்க இருக்கு?

செல்வி: போன்ல அது வேணாம் ஆன்ட்டி. Elements போய் Frames தேடுங்க, வட்டத்தை எடுத்துப் போட்டு அதுமேல படத்தை இழுத்து விடுங்க. உள்ள படத்தை நகர்த்த ரெண்டு தட்டு தட்டணும்.

மாலா: சரிம்மா பாக்குறேன்

கவின்: அக்கா அடுத்தது. கீழ குத்துவிளக்கு போட்டோ வெச்சிருக்கேன். அதோட அடிப்பக்கம் மெரூன்ல கரைஞ்சு போகணும். இப்போ பெட்டி மாதிரி ஓரம் தெரியுது. இதையும் கிளிப் பண்ணவா?

ரவி: அதுக்கு லேயர் மாஸ்க். கிளிப்பிங்னா ஓரம் எப்பவும் கத்தி மாதிரிதான் இருக்கும்.

செல்வி: விளக்குக்கு லேயர் மாஸ்க், சரி. ஆனா எப்பவும்னு சொல்ல முடியாது அண்ணே. எழுத்தோட ஓரம் கூர்மை, அதனால கிளிப்பும் கூர்மை. கீழ மென்மையான பிரஷ்ல ஒரு புள்ளி வெச்சு அதுல கிளிப் பண்ணிப் பாருங்க, ஓரம் கரையும். கீழ் லேயரோட Opacity-யைக் குறைச்சா மேல கிளிப் ஆன படமும் சேர்ந்து மங்கும்.

ரவி: ஓ. அது பண்ணிப் பார்த்ததில்ல.

செல்வி: கவின், விளக்கு லேயரை செலக்ட் பண்ணி பேனலுக்கு அடியில மாஸ்க் பட்டனை அமுக்கு. வெள்ளையா ஒரு சிறுபடம் வரும். அதையே கிளிக் பண்ணிட்டு D, அப்புறம் X. முன்னால கறுப்பு வந்துடும். கிரேடியன்ட் எடுத்து, கறுப்புலேர்ந்து வெள்ளைக்குப் போற மாதிரி கீழேர்ந்து மேல இழு. கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், நடுவுல உள்ள சாம்பல் பாதி காட்டும்.

கவின்: இழுத்தேன். கரையுது, ஆனா அடியில மெல்லிசா ஒரு கோடு இன்னும் தெரியுது.

செல்வி: போட்டோ விளிம்புக்கு வெளியிலேர்ந்து இழுக்க ஆரம்பிச்சிருப்ப. விளிம்பு வரும்போதே கறுப்பு சாம்பலாயிடுச்சு. போட்டோவுக்கு உள்ள, விளிம்புக்குக் கொஞ்சம் மேலேர்ந்து ஆரம்பி. ஆரம்பிச்ச இடத்துக்குக் கீழ எல்லாம் முழுக் கறுப்பாவே நிக்கும்.

கவின்: கோடு போச்சு. விளக்கோட பக்கவாட்டை பிரஷ்ல தொட்டேன், படத்துலயே கறுப்பா ஒரு திட்டு விழுந்துடுச்சு.

செல்வி: Ctrl+Z. மாஸ்க்கை விட்டுட்டு படத்தோட சிறுபடத்துல இருக்க நீ. எதைச் சுத்தி சட்டம் இருக்குன்னு பார்த்துட்டு பிரஷ்ஷைத் தொடு. Hardness 0, Opacity 20 இல்ல 30 வெச்சு ரெண்டு மூணு தடவை தடவு. முடிஞ்சதும் Alt அமுக்கி மாஸ்க் சிறுபடத்தை கிளிக் பண்ணு, கறுப்பு வெள்ளையா மாஸ்க் மட்டும் தெரியும். பிரஷ் படாம விட்டுப்போன இடம் அதுல பளிச்சுன்னு காட்டிக் கொடுக்கும். மெரூன் மேல கண்ணுக்குத் தப்பினாலும் பிரின்ட்ல அழுக்கு மாதிரி வரும்.

கவின்: நாலு புள்ளி இருந்துச்சு, அடிச்சுட்டேன். இப்போ விளக்கைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளணும், கரையற இடம் அங்கேயே இருக்கணும்.

செல்வி: ரெண்டு சிறுபடத்துக்கும் நடுவுல சங்கிலி இருக்கும், அதை கிளிக் பண்ணி எடுத்துட்டு படத்தோட சிறுபடத்தை செலக்ட் பண்ணி நகர்த்து. எழுத்துக்குள்ள இருக்கற தேக்கா படத்துக்கு இந்தத் தொல்லை இல்ல, சும்மா இழுத்தாலே உள்ள நகரும்.

ரவி: எழுத்துல ஒண்ணு கவனிச்சியா? சிவப்பு விளக்கு வர்ற இடத்துல "ழ்" மெரூனோட கலந்து போகுது. தூரத்துலேர்ந்து படிக்க முடியாது. பேசாம தங்க நிறம் அடிச்சுடு.

செல்வி: Levels லேயர் ஒண்ணு தேக்கா படத்துக்கு மேல போட்டு வெளிச்சமாக்கு. அதுக்கும் Ctrl+Alt+G கொடு, இல்லன்னா மெரூன், குத்துவிளக்கு எல்லாம் சேர்ந்து வெளுத்துடும். எழுத்து லேயருக்கு Stroke, Position-ல Outside.

கவின்: Stroke எந்த லேயர்ல? படத்துலயா எழுத்துலயா?

செல்வி: எழுத்துல. வடிவம் அதுகிட்டதானே இருக்கு.

கவின்: போட்டுட்டேன். [படம்]

ரவி: முன்னைக்கு பரவால்ல. எனக்கு இன்னும் தங்கம்தான்.

செல்வி: தடிமனான ஃபான்ட் வெச்சா சரியாயிடும்னு நினைக்கறேன். மாத்திப் பாரு கவின், படம் தானா உட்காரும்.

மாலா: வட்டம் வந்துடுச்சு, ஆனா பேத்தியோட தலை பாதி வெட்டுப்படுது. ரெண்டு தட்டு தட்டினா வேற என்னமோ திறக்குது