ப்ரீபிரிண்டும் ஜர்னல் கட்டுரையும்: ஒரே பதிவாக்குவதா, தனித்தனியே வைப்பதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மெடிக்கல் லைப்ரரி
கொரோனா சிகிச்சை பற்றி எங்கள் கல்லூரிக் குழு செய்யும் சிஸ்டமேட்டிக் ரிவியூவுக்கு மேற்கோள் பட்டியலைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலை என்னுடையது. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வின் டெக்ஸாமெத்தசோன் முடிவு பட்டியலில் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று 2020 ஜூனில் மெட்ஆர்கைவில் ஏறிய ப்ரீபிரிண்ட், மற்றது அதே ஆண்டு ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. ஸோடெரோவில் இணைக்கப் பார்த்தால், இரண்டும் ஒரே வகைப் பதிவாக இருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டது. வகையை மாற்றி இணைத்துவிடலாம் என்கிறார் குழுத் தலைவர். அதற்கு முன் இரண்டு சுருக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ப்ரீபிரிண்டில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் மருந்துக் குழுவில் 454 (21.6%), வழக்கமான சிகிச்சைக் குழுவில் 1065 (24.6%). ஜர்னலில் 482 (22.9%), 1110 (25.7%). நோயாளிகள் எண்ணிக்கை இரண்டிலும் அதேதான்: 2104, 4321. எண்ணே மாறியிருக்கும்போது இரண்டையும் ஒன்று என்று எப்படி எழுதுவது?

கணக்கு வாத்தியார்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இணைத்துவிடுங்கள். கூகுள் ஸ்காலர் எல்லா வடிவத்தையும் ஒரே வரியில்தான் காட்டுகிறது. என்னுடைய ஆர்கைவ் கட்டுரைகள் எல்லாம் அப்படித்தான் நிற்கின்றன. எப்படியும் இரண்டுக்கும் டிஓஐ ஒன்றுதானே.

ரிவியூ பார்ப்பவர்
சார், மேற்கோள் எண்ணிக்கை பார்ப்பதற்கு நீங்கள் சொல்வது சரி. டிஓஐ மட்டும் ஒன்றில்லை. ப்ரீபிரிண்டுக்கு `10.1101/2020.06.22.20137273`, ஜர்னலுக்கு `10.1056/NEJMoa2021436`. ஆர்கைவும் இப்போது தன் கட்டுரைகளுக்கு `10.48550` என்று தொடங்கும் தனி டிஓஐ கொடுக்கிறது.

லைப்ரரி மேடம், ரிவியூவில் நாம் எண்ணுவது ஆய்வை, அறிக்கையை அல்ல. இது ஒரே ஆய்வு, அதற்கு இரண்டு அறிக்கைகள். அதனால் ஸோடெரோவில் இரண்டு பதிவும் இருக்கட்டும், `Related` பகுதியில் ஒன்றோடொன்று கோத்துவிடுங்கள். தரவு எடுக்கும் அட்டவணையில் மட்டும் ரெக்கவரி என்று ஒரே வரி. பிரிஸ்மா ஓட்டப்படத்திலும் ஆய்வுகளுக்கு ஓர் எண், அறிக்கைகளுக்கு வேறு எண் என்று இடம் இருக்கிறது.

கோக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை நேரில் பார்த்தேன். எனக்கு வந்த ஒரு வரைவில் இதே ஆய்வு இரண்டு வரிகளாக இருந்தது, ஒன்று முதல் ஆசிரியர் பெயரில், மற்றது ஆய்வுக் குழுவின் பெயரில். மருந்துக் குழுவில் 2104 பேர் 4208 ஆகிவிட்டார்கள். நம்பக இடைவெளி சுருங்கி, முடிவு இருப்பதைவிட உறுதியானதாகத் தெரிந்தது. தலைப்பும் ஆசிரியர் பெயரும் வேறாக இருந்ததால் நகல் தேடும் மென்பொருள் பிடிக்கவில்லை. இரண்டு வரியிலும் 2104 என்று இருந்ததுதான் காட்டிக்கொடுத்தது.

எண் ஏன் மாறியது என்றால், இடையில் வந்து சேர்ந்த பின்தொடர்தல் தகவலால். பகுப்பாய்வுக்கு ஜர்னலில் வந்த எண்ணை எடுங்கள். ப்ரீபிரிண்டை அழித்தால், ஜூன் மாதம் அதைப் பார்த்து எழுதியவர்களின் 21.6% எங்கிருந்து வந்தது என்று பிறகு யாருக்கும் புரியாது.

உதவிப் பேராசிரியர்
நான் பதவி உயர்வு விண்ணப்பத்தில் இரண்டையும் போட்டேன். ஒரே வேலையை இரண்டாகக் காட்டுகிறீர்கள் என்று குழுவில் கேட்டார்கள். ஆர்சிட் பக்கத்தில் ப்ரீபிரிண்டை மறைத்து வைக்கலாமா?

ரிவியூ பார்ப்பவர்
அது வேறு கேள்வி சார். விண்ணப்பத்தில் ஜர்னல் வரியின் கீழேயே ப்ரீபிரிண்ட் டிஓஐயையும் எழுதுங்கள், எண்ணிக்கை ஒன்றாகவே நிற்கும். ஆர்சிட்டில் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

மெடிக்கல் லைப்ரரி
அப்படியென்றால் டிஓஐ வேறானால் தனிப் பதிவு, ஒன்றானால் ஒரே பதிவு என்று விதி வைத்துக்கொள்ளலாமா?

ரிவியூ பார்ப்பவர்
அதுவும் முழுசாக நிற்காது மேடம். ஜூலை 2020இல் ஜர்னலில் வந்தது முதற்கட்ட அறிக்கை. 2021 பிப்ரவரியில் இறுதி வடிவம் வந்தபோது அதே டிஓஐதான். அங்கே டிஓஐயை நம்ப முடியாது, எந்தத் தேதியில் பார்த்தோம் என்பதைக் குறிப்பில் எழுத வேண்டியதுதான். எது எதனுடைய ப்ரீபிரிண்ட் என்று அறிய மெட்ஆர்கைவ் பக்கத்தில் `Now published in` என்ற வரி இருக்கும். தலைப்பு ரொம்ப மாறிவிட்டால் அந்த வரி வராமலும் போகும். அப்போது ஆய்வின் பதிவு எண், நோயாளி எண்ணிக்கை, சேர்த்த காலம் மூன்றையும் ஒத்துப் பாருங்கள்.

உயிரியல் மாணவி
என் நெறியாளரின் ஒரு ப்ரீபிரிண்ட், ரிவியூவர் சொல்லி இரண்டு கட்டுரையாகப் பிரிந்து வேறு வேறு ஜர்னலில் வந்தது. இதில் எதோடு இணைப்பது?

கணக்கு வாத்தியார்
பெரிய பகுதி எங்கே போனதோ அதோடு.

ரிவியூ பார்ப்பவர்
எனக்கு அதில் உடன்பாடில்லை. இணைத்தால் இன்னொரு கட்டுரைக்கு வேர் அறுந்துவிடும். மூன்றையும் தனியே வைத்துக் கோப்பேன். ஆனால் நூலகப் பட்டியலில் ஒன்றுக்கு இரண்டு இணைப்பு ஏற்காத மென்பொருளும் உண்டு, அங்கே என்ன செய்வதென்று யாராவது சொன்னால் நானும் கேட்டுக்கொள்கிறேன்.