புதுப்பிப்பு: கிராஃபிக்ஸ் டிரைவரை முழுதாக நீக்கியதும் திரைக் கோளாறு தீர்ந்தது

என் பழைய கேள்வி: “டிரைவரை மாற்றிப் போட்டும் வீடியோ ஓடும்போது கறுப்புக் கட்டங்கள் வருகின்றன. என்ன செய்ய?”

உதவிய எல்லோருக்கும் நன்றி. தீர்த்தது, டிரைவரை மிச்சமின்றி நீக்கும் DDU என்ற மென்பொருளைப் பயன்படுத்தும் யோசனைதான்.

இன்ஸ்டாலரிலேயே உள்ள கிளீன் இன்ஸ்டால் போதும் என்றார் ஒருவர். அது அமைப்புகளை அழித்தது, ஆனால் கட்டங்கள் திரும்ப வந்தன. கேபிளை மாற்றித் தன் கோளாறு சரியானதாக இன்னொருவர் சொன்னார். எனக்கு அதில் பலனில்லை.

DDU-வைப் பரிந்துரைத்தவர் இணையத்தைத் துண்டிக்கச் சொல்லி அழுத்திச் சொன்னார். அது முக்கியம்: இணைப்பு இருந்தால், நீக்கிய உடனே விண்டோஸ் அப்டேட் தானே ஒரு டிரைவரைப் போட்டுவிடும். எனவே டிரைவரின் முந்தைய பதிப்பை முதலில் இறக்கி வைத்தேன். அப்புறம் நெட்டை நிறுத்தி, சேஃப் மோடில் DDU-வைத் திறந்து, Clean and restart கொடுத்தேன். திரை மங்கலாக, குறைந்த ரெசொலூஷனில் வந்தது. டிரைவர் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு அந்தப் பதிப்பை நிறுவி, இணையத்தை இணைத்தேன். கட்டங்கள் இல்லை.

எதிர்பாராதது: சேஃப் மோடுக்குப் போகும்போது வட்டைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டது. முன்பே எடுத்து வையுங்கள். விளையாட்டுக் காட்சிகளுக்காக முன்பே தயாரித்துச் சேமித்திருந்த ஷேடர் கேஷும் அழிந்ததால் விளையாட்டுகள் முதல்முறை சற்றுத் திணறின, பிறகு சரியாகிவிட்டன.

ஸ்லீப்பிலிருந்து எழும்போது இரண்டாவது திரை மட்டும் இன்னும் எப்போதாவது மினுக்குகிறது. காரணம் பிடிபடவில்லை.