புதுப்பிப்பு: மேசை உயரம், கழுத்து வலி

நான் கேட்டிருந்தது: "மேசை 30 அங்குலம், நாற்காலி 17. தோள் தூக்கிக்கிது, கழுத்தும் வலிக்குது. என்ன மாத்தணும்?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பலித்தது பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்னதுதான்: காலைத் தரையில் பதித்து உட்கார்ந்து, முதலில் முழங்கையை அளக்கணும். எனக்குத் தரையிலிருந்து 26 அங்குலம். கீபோர்டு கனம் 1 போக, மேசை 25 போதும்.

நாற்காலியை உயர்த்தச் சொன்ன தம்பி பாதி சரி. முழங்கை சரியாகுது, ஆனா கால் தொங்கி, தொடை மரத்துப்போகுது, பலகை போடணும். அதோட இழுப்பறையில் தொடை இடிக்குது. கடைசியில் ஆசாரி இழுப்பறையைக் கழற்றி, நாலு காலிலும் 5 அங்குலம் அறுத்தார்.

எதிர்பாராதது கழுத்து. மானிட்டருக்கு அடியில் புத்தகம் அடுக்கச் சொன்னீங்க. எனக்கு அது எதிர்மாறு. பைஃபோகல் கண்ணாடியில் கீழ்ப்பகுதி வழியாப் பார்க்க மோவாயைத் தூக்குறேன், அதான் வலி. மேசையோடு மானிட்டரும் இறங்கி, அதன் மேல்விளிம்பு கண்ணுக்கு மூணு விரல்கடை கீழே வந்ததும் வலி விட்டது. சாதாரணக் கண்ணாடிக்காரர்களுக்கு மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கலாம்.

மெத்தை மாத்தச் சொன்ன அக்கா, எனக்குத் தூக்கத்தில் வலி இல்லை. மவுஸ் பக்கத் தோள் மட்டும் இன்னும் இறுகுது.