உழவர் நாள்: கோனோ வீடர் ஓட்டிக் காட்ட ஒரு வயல் வேண்டும்

நண்பர்களே, வணக்கம். ஆடிக் கடைசியில், சம்பா நாற்றங்கால் விடுவதற்கு முன்னால், நீடாமங்கலம் பக்கம் ஒரு நாள் உழவர் கூட்டம் வைக்கிறோம். பேச்சாளருக்கு வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டிருக்கிறோம். சிக்கல் செயல்விளக்கத்தில்தான்.

விதை விற்க இதுதான் சரியான நேரம். ஆனால் கோனோ வீடரை ஓட்டிக் காட்ட, நட்டுப் பத்துப் பதினைந்து நாளான வயல் வேண்டும். அதனால் குறுவையைத் தாமதமாக நட்ட யாராவது கைகொடுத்தால்தான் உண்டு. 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை நடவாக இருக்க வேண்டும். முதல் நாளே லேசாகத் தண்ணீர் கட்டிவிடுங்கள்; சேறு இறுகினால் உருளை சுற்றாது, பார்க்கிறவர்கள் கருவியையே குறை சொல்லிவிட்டுப் போவார்கள். பத்து சென்ட் போதும்.

விதை நேர்த்தியை நாங்களே காட்டிவிடுவோம். பத்து லிட்டர் தண்ணீரில் புது முட்டை மிதந்து, நாலணா அளவு மேலே தெரியும்வரை உப்பைக் கரைத்து, விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை அள்ளிவிட்டு, மீதியை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால் சரி.

கடை போட வருபவர்கள் மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா எதுவானாலும் முளைப்பு பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். ஈரச் சாக்கில் நூறு விதை வைத்து எண்பதாவது முளைக்க வேண்டும்.

அப்புறம், மதியம் 150 பேருக்கு சாம்பார் சாதமும் தயிர் சாதமும். 20 கிலோ அரிசி இருக்கிறது. பெரிய அண்டா இரண்டும் ஒரு சமையல்காரரும் வேண்டும். முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.