இயக்குநரின் 5 விழுக்காடு: எந்த லாபத்தில்?

செ.வா., ஜார்ஜ் டவுன்:
வணக்கம். ஒரு குடும்ப நிறுவனத்தின் இயக்குநர் ஒப்பந்தத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். பங்குதாரர்களில் மூத்த அம்மா தமிழ் மட்டுமே படிப்பார். இயக்குநருக்குக் கமிஷன் 'நிகர லாபத்தில் 5 விழுக்காடு' என்கிறது ஒப்பந்தம். ஆனால் அது கணக்கேட்டின் அடியில் நிற்கும் லாபம் இல்லை. தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, மூலதன லாபத்தைக் கழித்த பிறகு வருவது. அதற்குக் 'கழிவுக்குரிய லாபம்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

பி.ம., பிரிக்பீல்ட்ஸ்:
'கழிவு' வேண்டாம் அம்மா. துணிக்கடைப் பலகையில் அது தள்ளுபடி. நகராட்சி லாரியில் அது குப்பை. இதைக் 'கழித்து' வரும் 'கழிவு' என்றால் மூத்தவர் தலை சுற்றிப்போகும். லாபம் என்பதே வடசொல்; பழந்தமிழில் அது ஊதியம். 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்கிறது குறள் 449: முதலும் ஊதியமும் ஒரே அடியில்! 461ஆம் குறளில் வரும் 'அழிவதூஉம்' என்பதைத் தேய்மானமாகவே கொள்ளலாம். 'அழிவு' என்ற வேர்ச்சொல்லை எடுத்துக்கொண்டால்...

கோ.த., கிள்ளான்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் வீட்டை விற்ற தரகர் தரகுப் பணம் கேட்கிறார். அதற்கும் தேய்மானம் கழிப்பார்களா?

நா.சி., பினாங்கு (தணிக்கையாளர்):
கிள்ளான் அண்ணே, உங்களுடையது விற்ற விலையில் வரும் தரகு; லாபக் கணக்கே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ஐயா, ஊதியம் இன்று சம்பளம். 'இயக்குநரின் ஊதியம், ஊதியத்தில் 5 விழுக்காடு' என்று எழுதினால் நீதிமன்றம்தான் மிஞ்சும்.

சொல்லுக்கு முன் கணக்கைப் பாருங்கள். வரிக்கும் இந்த 5 விழுக்காட்டுக்கும் முன் ஏட்டு லாபம் 4,00,000 ரிங்கிட் என்று வையுங்கள். அதில் இந்த ஆண்டுத் தேய்மானம் 60,000 ஏற்கெனவே கழிந்திருக்கிறது. திரும்பக் கூட்டினால் 4,60,000. அதே ஆண்டில் ஒரு கடைக்கட்டடம் விற்கப்பட்டது. வாங்கிய விலை 3,00,000, ஏட்டு மதிப்பு 2,40,000, விற்ற விலை 3,50,000. வந்த 1,10,000 லாபத்தைக் கழித்தால் 3,50,000. அதில் 5 விழுக்காடு 17,500.

இ.ரா., கோலாலம்பூர் (கல்லூரி):
ஐயா, முழு 1,10,000ஐயும் கழிப்பது தவறு. இந்திய நிறுவனச் சட்டம் 2013இன் 198ஆம் பிரிவைப் பாருங்கள். வாங்கிய விலைக்கு மேல் வந்த 50,000 மட்டுமே மூலதன லாபம். மீதி 60,000 பழைய தேய்மானம் திரும்பி வந்தது. எனவே 4,10,000இல் 20,500 கொடுக்க வேண்டும்.

நா.சி.:
சட்டத்தைச் சரியாகவே சொன்னீர்கள். ஆனால் அந்தப் பிரிவு ஒவ்வோர் ஆண்டும் தேய்மானத்தைக் கழிக்கச் சொல்கிறது. கழித்தது விற்பனையில் திரும்பி வந்தால் லாபத்தில் சேர்ப்பது நியாயம். இந்த ஒப்பந்தமோ தேய்மானத்தைக் கழிக்கவே விடுவதில்லை. அந்தக் கட்டடத்தின் 60,000 தேய்மானத்துக்கும் இயக்குநர் அந்தந்த ஆண்டே 5 விழுக்காடு வாங்கிவிட்டார். இப்போது மறுபடி கொடுத்தால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை: 3,000 ரிங்கிட். இங்கே மலேசியாவில் இந்தக் கணக்கை ஒப்பந்தம்தான் முடிவு செய்யும்.

இ.ரா.:
இயக்குநர் போன ஆண்டுதான் வந்தவர் என்றால்? பழைய தேய்மானத்தில் அவர் எதுவுமே வாங்கவில்லையே.

நா.சி.:
அது நல்ல கேள்வி. அப்போது இரட்டிப்பு என்ற வாதம் பெரும்பாலும் விழுந்துவிடும். ஆனால் தான் வருவதற்கு முந்தைய தேய்மானம் மீண்டு வந்ததில் அவருக்குப் பங்கு ஏன் என்று மற்றவர்கள் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் 'விற்பனை லாபம் முழுவதும்' என்றோ 'வாங்கிய விலைக்கு மேற்பட்டது மட்டும்' என்றோ ஒரு வரி இருக்கிறதா, செ.வா.?

செ.வா.:
இல்லை ஐயா. 'மூலதன லாபங்கள்' என்று மொட்டையாக இருக்கிறது.

நா.சி.:
அப்படியானால் அந்த வரியை நீங்கள் தமிழில் விரிக்க வேண்டாம். வழக்கறிஞருக்கு எழுதிக் கேளுங்கள். சொல்லுக்கு என் யோசனை 'ஒப்பந்த லாபம்'. ஏட்டு லாபம் வேறு, இது வேறு என்று மூத்தவருக்குப் பெயரிலேயே தெரியும். வழக்கறிஞரின் பதில் வந்ததும் அதற்கேற்ப என் 4,00,000 கணக்கை அடியில் உதாரணமாகப் போடுங்கள்.

பி.ம.:
'ஒப்பந்த ஊதியம்' என்றால் என்ன குறைந்துவிடும்?

செ.வா.:
ஒப்பந்தக் கூலி என்று படிப்பார்கள் ஐயா. நாளை வெள்ளிக்கிழமை. 'ஒப்பந்த லாபம்' என்றே அனுப்புகிறேன். வழக்கறிஞருக்கும் எழுதிவிட்டேன்.

பி.ம.:
என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும். 'ஆக்கம்' என்று ஒரு சொல்லும் இருக்கிறது. குறள் 463 'ஆக்கம் கருதி முதலிழக்கும்' என்கிறது. திங்கட்கிழமை விரிவாக எழுதுகிறேன்.