அலுமினியக் கம்பிக்கு ஈல்டு பாயிண்ட் எங்கே குறிக்கிறதுங்க?

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறேன். மெட்டீரியல்ஸ் நோட்ஸ்ல இருக்கிற ஸ்ட்ரெஸ் ஸ்ட்ரெயின் வரைபடத்தை வகுப்பில் நான் விளக்கோணும்.

மைல்டு ஸ்டீல் புரிஞ்சிருச்சு. 10 மி.மீ. கம்பி, குறுக்குப் பரப்பு 78.5 ச.மி.மீ. 22 கிலோநியூட்டன்ல லோடு சட்டுனு இறங்குது. 22,000-ஐ 78.5-ஆல வகுத்தா சுமார் 280 மெகாபாஸ்கல், அதுதான் மேல் ஈல்டு பாயிண்ட். கோடு நேரா இருந்து வளையத் தொடங்கற இடம் புரொப்போர்ஷனல் லிமிட். எலாஸ்டிக் லிமிட் அதுக்குச் சற்று மேலே, ஈல்டுக்குக் கீழே.

அலுமினியத்துலதான் சிக்கிட்டேன். லோடு இறங்கறதே இல்லை, கோடு மெல்ல வளைஞ்சுட்டே போகுது. அதனால ஸ்ட்ரெயின் அச்சுல 0.002-ல இருந்து நேர்கோட்டுக்கு இணையா ஒரு கோடு போட்டேன். வளைவை 240 மெகாபாஸ்கல்ல வெட்டுது. சரிபார்க்க 240-ஐ அலுமினியத்தோட யங்ஸ் மாடுலஸ் 70,000 மெகாபாஸ்கலால வகுத்து 0.002 கூட்டினா 0.0054. வெட்டுற இடமும் அதேதான்.

இந்த 240-ஐ ஈல்டு ஸ்ட்ரெங்த்னு எழுதலாம். ஆனா நோட்ஸ்ல அதே புள்ளிக்கு எலாஸ்டிக் லிமிட்னும் போட்டிருக்கு. அங்கே லோடை எடுத்தா 0.2 சதவீத நீட்சி நிரந்தரமா தங்கிடுமே, அப்புறம் எப்படிங்க அது எலாஸ்டிக் லிமிட்? லோடு ஏத்தி இறக்கி, கம்பி பழைய நீளத்துக்கு வருதான்னு பார்க்காம, வெறும் வரைபடத்துல அதைக் குறிக்க முடியுமா? டெஸ்டிங் லேப்ல இருக்கறவங்க சொல்லுங்க.